தூத்துக்குடி வெள்ளமும் செயற்கைக்கோள் கணக்கும்

வெள்ளம் வடிவதற்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு வந்து சேரும் செயற்கைக்கோள் அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது ஒரே ஓர் எண்தான்: இத்தனை ஹெக்டேர் நீரில் மூழ்கியுள்ளது. நிவாரணப் பணிக்கு ஆள் அனுப்புவதும், மாநில அரசுக்கு நிதி கேட்டு எழுதுவதும், மத்தியக் குழுவுக்கு வரைபடம் விரித்துக் காட்டுவதும் அந்த எண்ணை வைத்தே தொடங்குகின்றன. ஆனால் செயற்கைக்கோள் பார்த்தது நீரை. நிர்வாகம் கேட்பது சேதத்தை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் உள்ளன, ஒவ்வொரு படியிலும் எது நழுவுகிறது என்பதைச் சொல்லாத அறிக்கைச் சுருக்கம் ஆட்சியருக்கு உதவுவதைவிட அவரைத் தவறான கிராமத்துக்கு அனுப்பிவைக்கவே அதிக வாய்ப்பு உண்டு.

இதை விளங்கிக்கொள்ளத் தூத்துக்குடி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தின் ஒருநாள் மழை அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லி அரித்துச் செல்லப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும், கடலோரத்தில் உப்பளமும், இடையிடையே மானாவாரிக் குளங்களும், தாழ்வான ஒரு பெரிய நகரமும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பு அது. செயற்கைக்கோளை ஏமாற்றக்கூடிய எல்லாமே அங்கு ஒரே இடத்தில் உள்ளன.

வடகிழக்குப் பருவமழையின்போது வானம் மேகத்தால் மூடியிருக்கும். சாதாரணப் புகைப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு அந்த நாட்களில் மேகத்தின் முதுகுதான் தெரியும். எனவே வெள்ளத்தைப் பார்ப்பதற்கு ரேடார் செயற்கைக்கோள்களே கைகொடுக்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1, இஸ்ரோ 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04 ஆகியவை இந்த வகை. ரேடார் தன் அலையைச் சாய்வாகக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. கரடுமுரடான தரையும் பயிரும் அலையை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் ஒரு பகுதி செயற்கைக்கோளுக்குத் திரும்புகிறது. படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போல அலையை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. திரும்பி வருவது மிகச் சொற்பம் என்பதால் படத்தில் அந்த இடம் கறுப்பாகிறது. வெள்ளத்துக்கு முந்தைய படத்தில் வெளுப்பாக இருந்து பிந்தைய படத்தில் கறுத்துப்போன பிக்சல்களைப் பிரித்தெடுப்பதுதான் அடிப்படை வேலை. சென்டினல்-1 தரும் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 100 பிக்சல் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். அறிக்கையின் முதல் எண் பிறப்பது இப்படித்தான்.

முதல் சிக்கல் நேரத்தில் உள்ளது. 2023 டிசம்பரில் சென்டினல்-1 வரிசையில் ஒரே ஒரு செயற்கைக்கோள்தான் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் துணை 2021 டிசம்பரில் மின்சாரக் கோளாறால் செயலிழந்திருந்தது. ஒரே பாதையில் அது மீண்டும் வர 12 நாள் ஆகும். ஆற்றோரக் கிராமத்தில் நீர் உச்சத்தில் நிற்பது ஒரு நாளோ இரண்டு நாளோதான். தூத்துக்குடி நகரத்தின் தாழ்வான தெருக்களிலோ அது பல நாட்கள் தேங்கிக் கிடந்தது. தாமதமாக எடுக்கப்பட்ட படம் நகரத்தைச் சுற்றிய தேக்கத்தைக் காட்டும். வேகமாக வந்து வேகமாக வடிந்த ஆற்றங்கரை வெள்ளத்தைக் காட்டாது. அதிகச் சேதம் செய்தது இரண்டாவதாகவே இருக்கக்கூடும். அதனால் படம் எடுக்கப்பட்ட தேதியும் மணியும், அருகிலுள்ள அணைக்கட்டில் நீர் உச்சம் தொட்ட மணியும் அறிக்கைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே பக்கத்தில் பக்கமாக இருக்க வேண்டும். பல அறிக்கைகளில் இந்தத் தகவல் வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

இரண்டாவது சிக்கல், எப்போதும் உள்ள நீரைக் கழிப்பது. ஆறு, ஏரி, கடல் இவற்றை வெள்ளமாக எண்ணக் கூடாது என்பதற்காக உலகளாவிய நிரந்தர நீர்நிலை வரைபடம் ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கம். ஆண்டில் 10 மாதத்துக்கு மேல் நீர் நிற்கும் இடத்தை அது நிரந்தரம் எனக் கொள்ளும். தென்மாவட்டக் குளங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. மூன்று நான்கு மாதமே நீர் நிற்கும் குளம், டிசம்பரில் நிரம்பியிருப்பது இயல்பு. உலக வரைபடம் அதைக் கழிக்காமல் விட்டுவிடும். நிரம்பிய குளம் முழுவதும் மூழ்கிய நிலமாகக் கணக்கில் ஏறும். குளத்தின் முழுக் கொள்ளளவு எல்லையை நீர்வளத்துறைப் பதிவிலிருந்து எடுத்துக் கழிப்பதுதான் சரியான வழி.

உப்பளத்தில் இதற்கு நேரெதிரான தவறு நடக்கும. ஆழமில்லாத உவர்நீர் எப்போதும் நிற்பதால் ரேடாருக்கு உப்பளம் வெள்ளத்துக்கு முன்பும் கறுப்பு, பின்பும் கறுப்பு. நிரந்தர நீர் என்று அதைக் கழித்துவிட்டால் வரைபடம் துப்புரவாகிவிடும். ஆனால் பாத்திகளின் வரப்பு கரைந்து, குவித்து வைத்த உப்பு அடித்துச் செல்லப்பட்டது எங்குமே பதிவாகாது. எனவே உப்பளப் பகுதியைத் தனியாக வரைந்து, 'ரேடாரால் சொல்ல இயலாது, நேரில் பார்க்க வேண்டும்' என்று எழுதுவதே நேர்மை.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் நெல்லுக்கும் வாழைக்கும் இடையே நேர்கிறது. தாமிரபரணியின் கடைமடையில், மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்காலும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்காலும் பாயும் வயல்களில் டிசம்பர் மாதம் பிசான நெல்லின் காலம். நட்டுச் சில வாரமே ஆன வயலில் விவசாயி வேண்டுமென்றே நீர் கட்டியிருப்பார். நாற்று சிறியது, நீர் பெரிது. ரேடாருக்கு அந்த வயல் கறுப்பு. முந்தைய படம் நவம்பர் தொடக்கத்தில், நடவுக்கு முன், காய்ந்த நிலமாக இருந்தபோது எடுக்கப்பட்டது என்றால், இரண்டு படங்களின் வித்தியாசத்தில் அந்த வயல் வெள்ளத்தில் மூழ்கியதாகவே தெரியும். பக்கத்திலேயே வாழைத் தோட்டம். மூன்றடி நீர் உள்ளே நின்றாலும், சென்டினல்-1 அனுப்பும் ஐந்தரை சென்டிமீட்டர் அலை அகன்ற இலைகளிலேயே சிதறித் திரும்பிவிடும். கீழே உள்ள நீரைத் தொடாது. ரேடாருக்கு அந்தத் தோட்டம் வெளுப்பு, அதாவது பாதுகாப்பான நிலம். ஒரே கருவி, ஒரே நாள், ஒரே கிராமம்: நெல் கூடுதலாகவும் வாழை குறைவாகவும் பதிவாகிறது.

ஒரு கிராமத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் விளைவு புரியும். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை. ஒரு வருவாய்க் கிராமத்தில் பிந்தைய படத்தில் கறுப்பாகத் தெரிவது 640 ஹெக்டேர். குளம், ஆறு, வாய்க்கால் 150 ஹெக்டேரைக் கழித்தால் 490. தனித்தனியாகச் சிதறிய சில பிக்சல்கள் ரேடார் படத்துக்கே உரிய இரைச்சல்; அவற்றையும் நீக்கினால் 480. பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் நின்று, '480 ஹெக்டேர் மூழ்கியது' என்று எழுதிவிடும்.

இன்னும் இரண்டு படி போக வேண்டும். வெள்ளத்துக்கு முந்தைய மூன்று நான்கு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நடவு நாளில் கறுத்து, பயிர் வளர வளர மெல்ல வெளுக்கும் வயல்களை அடையாளம் காணலாம். 480-இல் 110 ஹெக்டேர் இப்படி மழைக்கு முன்பே கறுத்திருந்த நெல்வயல் என்று வைத்துக்கொள்வோம். அது மூழ்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மூழ்கியது என்றும் சொல்ல முடியாது. 'ஐயத்துக்குரியது' என்று தனியே வைக்க வேண்டும். மீதி 370 ஹெக்டேர் உறுதியான வெள்ளம். அடுத்து வாழை. அடங்கலில் உள்ள வாழைப் பரப்பை வரைபடத்தில் ஏற்றி, அதைச் சுற்றிலும் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள தோட்டங்களைக் குறிக்க வேண்டும். அது 120 ஹெக்டேர் வருகிறது என்று கொண்டால், 'மூழ்கியிருக்கக்கூடியது' என்பது அதன் பெயர்.

மூன்று பிரிவிலும் தலா 50 இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து ஆட்களை அனுப்பிப் பார்க்கிறார்கள். உறுதி எனக் கருதிய பகுதியில் 46 இடங்களில் வெள்ளம் நின்ற தடயம் உள்ளது, ஐயத்துக்குரிய நெல்லில் 20, வாழையில் 40. அந்த விகிதத்தில் பெருக்கினால் முறையே சுமார் 340, 44, 96 ஹெக்டேர். கூட்டினால் மீண்டும் 480! எண்கள் இப்படி வந்து சேருமாறு அமைக்கப்பட்டதே ஒன்றைக் காட்டத்தான்: கூட்டுத்தொகை சரியாக இருப்பதால் மதிப்பீடு சரி என்று ஆகிவிடாது. 66 ஹெக்டேர் நெல் பட்டியலிலிருந்து வெளியேறி, 96 ஹெக்டேர் வாழை உள்ளே வந்திருக்கிறது. மாநில அளவில் மொத்த எண்ணைப் பார்ப்பவருக்கு இது வேறுபாடே இல்லை. அந்தக் கிராமத்தின் வாழை விவசாயிக்கு, கணக்கெடுக்க ஆள் வருவாரா மாட்டாரா என்பதே இதில்தான் இருக்கிறது.

களத்தில் பார்க்கும் இடங்களைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வெள்ளத்துக்கு மறுநாள் வண்டி போகக்கூடிய இடம் சாலையோரம் மட்டுமே. சாலை எப்போதும் மேட்டில் இருக்கும். சாலையோரமாகவே பார்த்துவிட்டுத் திரும்பினால், வரைபடம் நீர் இல்லை என்று சொன்ன இடமெல்லாம் சரியாகவே தோன்றும். வரைபடம் வெள்ளம் இல்லை என்று விட்டுவிட்ட பகுதியிலிருந்தும் சில இடங்களைக் குலுக்கி எடுத்துப் பார்க்காவிட்டால், விடுபட்டது எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாது.

படம் காட்டாத நேரத்தையும் ஆழத்தையும் நிரப்புவதற்குக் கணினி மாதிரிகள் பயன்படுகின்றன. அமெரிக்க ராணுவப் பொறியியல் பிரிவு உருவாக்கி இலவசமாக வழங்கும் ஹெக்-ராஸ் இவற்றில் பரவலாகப் புழங்குவது. நிலத்தின் ஏற்ற இறக்கம், பெய்த மழை, அணையிலிருந்து திறந்த நீர், தரையின் உராய்வு இவற்றைக் கொடுத்தால், நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எப்போது வந்தது, எவ்வளவு உயர்ந்தது, எப்போது வடிந்தது என்று கணக்கிடும்.

கணக்கின் தரம் பெரும்பாலும் நிலமட்டத் தரவைப் பொறுத்தது. இலவசமாகக் கிடைக்கும் உலக நிலமட்டப் படங்களில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். உயரத்தில் ஓரிரு மீட்டர் பிழை சாதாரணம். மலைப்பகுதியில் அது பெரிதல்ல. கடைமடைச் சமவெளியில், முழங்கால் அளவு நீரா இடுப்பளவு நீரா என்பதே கேள்வியாக இருக்கும்போது, ஓரிரு மீட்டர் பிழை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அந்தப் படங்கள் பல இடங்களில் தென்னை, பனை, கட்டட உச்சியையே நிலமட்டமாக எடுத்துக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் தொல்லை.

இன்னொரு பிழை இன்னும் நுட்பமானது. ஆறேழு மீட்டர் அகலமுள்ள ரயில் பாதைக் கரையோ குளத்துக் கரையோ 30 மீட்டர் கட்டத்துக்குள் சராசரியாகிக் கரைந்துபோகும். மாதிரியில் நீர் தடையே இல்லாமல் அந்த இடத்தைக் கடந்துவிடும். நிஜத்தில் கரை நீரை ஒரு பக்கம் தேக்கி, பின் பொறுக்காமல் உடைந்திருக்கும். கரைகளைக் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். எந்தக் கரை எந்த நேரத்தில் எந்த இடத்தில் உடைந்தது என்பதையும் உள்ளே கொடுக்க வேண்டும். குளம் உடைந்ததை மாதிரி தானாகக் கண்டுபிடிக்காது. அந்த விவரம் இருப்பது பாசன உதவியாளரிடமும் கரையில் குடியிருப்பவர்களிடமும்தான். சுவரில் படிந்த சேற்றுக் கோட்டின் உயரத்தை வெள்ளம் வடிந்த முதல் வாரத்திலேயே அளந்து வைத்தால், வெள்ளையடிப்பதற்கு முன் கிடைக்கும் அந்த அளவுகள் மாதிரியைச் சரிபார்க்க எந்தச் செயற்கைக்கோள் படத்தைவிடவும் பயன்படும்.

மாதிரி சொல்லும் வெள்ளப் பரப்பையும் படம் சொல்லும் பரப்பையும் ஒப்பிட எளிய அளவு ஒன்று உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் பரப்பை, இரண்டில் ஏதேனும் ஒன்றாவது வெள்ளம் என்று சொல்லும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 700 ஹெக்டேரில் ஒத்துப்போய், மாதிரி மட்டும் 150, படம் மட்டும் 150 ஹெக்டேர் காட்டினால், 1,000-க்கு 700, அதாவது 70 சதவீதம். ஆனால் வாழைத் தோட்டத்துக்குள் படமே குருடு என்பதை மறந்து, அங்கும் படத்தோடு ஒத்துப்போகுமாறு மாதிரியைத் திருத்தினால், சதவீதம் உயரும், மாதிரி கெடும். ஒப்பீட்டை வெட்டவெளி நிலத்தில் மட்டும் செய்வது பாதுகாப்பு.

நீரின் பரப்பும் ஆழமும் கிடைத்த பின் அதைப் பணமாக மாற்றும் படி வருகிறது. வீடுகளுக்கு ஆழம்-சேத வளைவு என்ற அட்டவணை பயன்படும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட தொகுப்பில், ஆசியக் குடியிருப்புகளுக்கு அரை மீட்டர் நீரில் மூன்றில் ஒரு பங்கும், ஒரு மீட்டரில் ஏறக்குறைய பாதியும் சேதமாகும் என்று உள்ளது. ஆசியா முழுவதற்குமான சராசரி அது. ஓலைக் குடிசைக்கும் காங்கிரீட் வீட்டுக்கும் ஒரே வளைவு பொருந்துமா என்ற கேள்வியை அறிக்கை எழுதுபவர் கேட்டாக வேண்டும். மேலும், வளைவில் வரும் தொகை பொருளாதார இழப்பு. அரசு வழங்கும் நிவாரணம் வேறு கணக்கு. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, பயிர்ச்சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் மானாவாரிக்கு 8,500 ரூபாயும் பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும் உண்டு. இரண்டு தொகைகளையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிய சுருக்கம் மத்தியக் குழுவின் முதல் கேள்விக்கே திணறும்.

அந்த 33 சதவீதத்தை எட்டியதா என்பதை முடிவு செய்வதில் பயிருக்கு ஆழத்தைவிட நாட்கணக்கே முக்கியம். இளம் நெல் ஓரிரு நாள் முழுக மூழ்கி எழுந்தால் பெரும்பாலும் தேறிவிடும்; வாரக்கணக்கில் மூழ்கினால் அழுகும். வாழைக்கு வேரில் நீர் தேங்கி நிற்பதே ஆபத்து. ஒரே ஒரு படம் நாட்களைச் சொல்லாது. வெவ்வேறு செயற்கைக்கோள்களின் படங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, இடைவெளியை மாதிரியால் நிரப்பினால், 'மூன்று நாளுக்குள்', 'ஒரு வாரம் வரை', 'அதற்கு மேல்' என்று பிரிக்கலாம். அதைவிடத் துல்லியமாகப் பிரிப்பதாகச் சொல்லும் அறிக்கையை ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

தனி விவசாயியின் நிவாரணத்தை இந்தப் படத்தை வைத்து முடிவு செய்ய இயலுமா என்ற கேள்வி தவறாமல் எழும். இயலாது. 25 சென்ட் வயல் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது 10 பிக்சல். அதிலும் பாதி வரப்பின் மேலும் பக்கத்து வயலின் மேலும் விழும். சென்டினல்-1 உண்மையில் பிரித்தறியும் அளவு 10 மீட்டரைவிடப் பெரியது என்பதையும் சேர்த்தால், ஒரு வயலுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி படத்துக்கு இல்லை. புல எண் வாரியாக முடிவு செய்ய கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் செய்யும் கள ஆய்வே வழி. எந்தக் கிராமத்துக்கு முதலில் போக வேண்டும், எங்கு அதிக ஆள் வேண்டும், எந்தக் கிராமத்தின் பட்டியல் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ உள்ளது என்பதைச் சொல்வது செயற்கைக்கோளின் வேலை.

இவற்றை வைத்துப் பார்த்தால் ஆட்சியருக்கான சுருக்கம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் படத்தின் நேரமும் வெள்ள உச்சத்தின் நேரமும். குறுவட்ட வாரியாக உறுதி, ஐயம், மூழ்கியிருக்கக்கூடியது என்ற மூன்று நிரலில் பரப்பு. முன்னுரிமைக் கிராமங்களின் பட்டியல். இரண்டாம் பக்கத்தில் படத்தால் பார்க்க முடியாத இடங்கள்: வாழையும் வெற்றிலையும், உப்பளங்கள், நகரத் தெருக்கள். நகரத்தில் கட்டடச் சுவரும் தெருநீரும் சேர்ந்து ரேடார் அலையைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மூழ்கிய தெரு வெளுப்பாகவே தெரியலாம். அங்கு மாநகராட்சியின் நீர் வெளியேற்றும் மோட்டார்கள் எங்கே எத்தனை நாள் ஓடின என்ற பதிவே நல்ல சான்று.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் வாழைத் தோட்டச் சிக்கலை ஓரளவு குறைக்கும். நாசா தந்த ரேடார் 24 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்துகிறது. அது இலைகளைக் கடந்து கீழே இறங்கும். தண்டிலும் நீரிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால் மரத்தடி வெள்ளம் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். ஆயினும் அதுவும் ஒரே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் நேரச் சிக்கல் அப்படியே இருக்கும்.

சுருக்கத்துக்கு இரண்டாம் பதிப்பு ஒன்று மூன்றாவது வாரத்தில் வர வேண்டும். அதற்குள் மேகம் விலகியிருக்கும். சென்டினல்-2 போன்ற சாதாரணப் படங்கள் கிடைக்கும். நீரில் தப்பிய வயல் பச்சையாகவும் அழுகிய வயல் பழுப்பாகவும் பிரிந்து நிற்பதால் ஐயத்துக்குரிய நெல்லின் பெரும்பகுதி அப்போது தெளிவாகிவிடும். ஆறு வயலில் கொட்டிய மணல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்தைச் சீராக்க ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தர அதே விதிகளில் இடமுண்டு. மணல் இருக்கும் இடத்தைப் படம் காட்டும். மூன்று அங்குலமா என்பதை வயலில் குச்சி ஊன்றித்தான் அளக்க வேண்டும்.